பிரிங் – பிராட் – பிராட்: தேர்வுக்கு முன் இர்ரெகுலர் வெர்ப்களை எந்த வரிசையில் படிப்பது?

தேர்வுக்குச் சில நாள்தான் இருக்கிறது. கையில் நாற்பது, ஐம்பது இர்ரெகுலர் வெர்ப்கள் கொண்ட பட்டியல். புத்தகத்தில் உள்ள ஏ, பி, சி வரிசையிலேயே மனப்பாடம் செய்வதா, மூன்று வடிவமும் ஒன்றா வேறா என்று பார்த்துப் பிரிப்பதா, அல்லது பிராட், தாட், பாட் என்று ஒலி ஒத்தவற்றைச் சேர்த்துப் படிப்பதா? மாணவர்களும் பெற்றோர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. மூன்றையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கிறேன். என் சாய்வு ஒலிக் குழுக்களின் பக்கம்தான். ஆனால் அந்த முறையில் எல்லாரும் விழும் ஒரு குழி உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் இறங்கினால் பழைய மனப்பாடமே மேல் என்று ஆகிவிடும்.

வினைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். உங்கள் பட்டியலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள். 'சேங்', 'டிரேங்க்' என்று எழுதும் இடங்களில் கிரிக்கெட் மட்டையைக் குறிக்கும் 'பேட்' என்ற சொல்லில் வரும் ஒலியை நினைத்துக்கொள்ளுங்கள்.

## எதைக் கொண்டு அளப்பது

முதல் அளவுகோல், மனதில் ஏற்ற ஆகும் நேரம். எல்லாரும் இதை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

இரண்டாவது இதைவிட முக்கியம்: தேர்வில் வினை தனியாக, வரிசை கலைந்து வரும்போது விடை வருகிறதா? "நேற்று அவன் குடை ______" என்று ஒரு வாக்கியம் கொடுத்து, பக்கத்தில் 'பிரிங்' என்று மட்டும் போட்டிருப்பார்கள். அதற்கு முன்னும் பின்னும் இருந்த வினைகள் அங்கே துணைக்கு வராது.

மூன்றாவது, இரண்டாம் வடிவத்தையும் மூன்றாம் வடிவத்தையும் குழப்பாமல் இருப்பது. ஹேஸ், ஹேவ், ஹேட் வந்தால் மூன்றாம் வடிவம் என்று விதி தெரிந்த பிள்ளைகளும் 'ஹேஸ் டிரேங்க்' என்று எழுதி மதிப்பெண் இழப்பதைப் பார்க்கிறோம். அவர்களிடம் விதி இருக்கிறது, 'டிரங்க்' என்ற வடிவம்தான் கையில் இல்லை.

நான்காவது, எழுத்துக்கூட்டல். சரியாகச் சொல்லிவிட்டுத் தவறாக எழுதினால் எழுத்துத் தேர்வில் அது தவறுதான்.

## முதல் வழி: ஏ, பி, சி வரிசை

இதற்கு எந்த முன்னேற்பாடும் வேண்டாம். புத்தகத்தைத் திறந்து படிக்க வேண்டியதுதான். எந்த வினையும் விட்டுப்போகாது. ஒத்த ஒலிகள் பக்கத்தில் பக்கத்தில் வராததால் ஒன்றோடொன்று குழம்புவதும் குறைவு. இந்தக் கடைசி நன்மையை ஒலிக் குழுவை விரும்புகிறவர்கள் ஒத்துக்கொள்வதில்லை, ஆனால் அது உண்மை.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், ஒவ்வொரு வினையும் தனிச் சுமை. 'கீப் – கெப்ட்' தெரிந்தது 'ஸ்லீப் – ஸ்லெப்ட்'டுக்கு உதவாது, ஏனென்றால் இரண்டுக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு வினைகள் நிற்கின்றன. பட்டியலின் முதல் பக்கம் மிக நன்றாகத் தெரிந்து, எஸ், டி, டபிள்யூ பக்கம் அரைகுறையாக நிற்பதும் இந்த முறையின் வழக்கமான நோய். தினமும் முதலிலிருந்தே தொடங்குவதால் வருவது அது.

ஆசிரியர் புத்தக வரிசையிலேயே மூன்று கட்டங்களை நிரப்பச் சொல்வார் என்று உறுதியாகத் தெரிந்தாலோ, மொத்தமே பதினைந்து வினைகள்தான் என்றாலோ இதுவே போதும். பிரித்து அடுக்கும் நேரத்தில் படித்து முடித்துவிடலாம்.

## இரண்டாம் வழி: மூன்று கட்டங்களின் வடிவம்

மூன்று வடிவமும் ஒன்றேவா, கடைசி இரண்டு மட்டும் ஒன்றா, முதலும் கடைசியும் ஒன்றா, மூன்றும் வேறா என்று நான்கு பெட்டிகளாகப் பிரிப்பது இந்த வழி. மூன்றாவது அளவுகோலில் இதை மற்ற எதுவும் நெருங்க முடியாது. ஒரு வினை எந்தப் பெட்டி என்று தெரிந்துவிட்டால் மூன்றாம் வடிவத்தைப் பற்றிய தயக்கம் பாதி தீர்ந்துவிடுகிறது.

மூன்றும் ஒன்றாக இருக்கும் பெட்டி எளிது: கட், புட், ஹிட், ஷட், காஸ்ட், ஹர்ட், ஸ்பிரெட். இவை எல்லாமே டி ஒலியில் முடிகின்றன, எழுத்தில் பார்த்தால் 'டீ' (தேநீர்) என்ற சொல்லின் முதல் எழுத்து, அல்லது நாயைக் குறிக்கும் 'டாக்' என்ற சொல்லின் முதல் எழுத்து. வேறு ஒலியில் முடியும் வினை இந்தப் பெட்டிக்குள் வராது. ஆனால் டி-யில் முடிவதெல்லாம் உள்ளே வந்துவிடாது. சிட், கெட், ஃபைட் மூன்றும் வெளியே நிற்கின்றன. 'ரீட்' (படி) எழுத்தில் இந்தப் பெட்டி, உச்சரிப்பில் 'ரீட் – ரெட் – ரெட்'.

முதலும் கடைசியும் ஒன்றாக இருக்கும் பெட்டி மிகச் சிறியது. கம் – கேம் – கம், அதன் உறவான பிகம், பிறகு ரன் – ரேன் – ரன். பள்ளிப் பட்டியலில் பெரும்பாலும் இவ்வளவுதான்.

சிக்கல் கடைசி இரண்டும் ஒன்றாக இருக்கும் பெட்டியில். கெப்ட், பிராட், சென்ட், ஃபவுண்ட், ஸ்டுட், சோல்ட், செட் எல்லாம் அதற்குள்தான். பட்டியலில் பெரும்பங்கு ஒரே பெட்டியில் போய் விழுகிறது. 'பிரிங் இந்தப் பெட்டி' என்று தெரிந்தால், இரண்டாம் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்று என்று தெரியும். ஆனால் அந்த வடிவம் என்ன என்று பெட்டி சொல்லாது. அது தெரிய ஒலிக்கு வர வேண்டியிருக்கிறது.

## மூன்றாம் வழி: ஒலிக் குழுக்கள்

சிங் – சேங் – சங், ரிங் – ரேங் – ரங், டிரிங்க் – டிரேங்க் – டிரங்க், ஸ்விம் – ஸ்வேம் – ஸ்வம், பிகின் – பிகேன் – பிகன். வாய்விட்டுச் சொன்னாலே மனதில் ஒட்டிக்கொள்கிறது. ஐந்து வினைகளின் பத்து வடிவங்களுக்குப் பதில் ஒரே ஒரு மாற்றத்தை நினைவில் வைத்தால் போதும். எழுத்திலும் அதே ஒழுங்குதான்: முதலில் ஐ, நடுவில் ஏ, கடைசியில் யு.

இந்த ஈர்ப்பு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடமும் வேலை செய்கிறது. 1993இல் சந்தீப் பிரசாதாவும் ஸ்டீவன் பிங்கரும் வெளியிட்ட ஆய்வில், இல்லாத வினைகளை உருவாக்கி அவற்றின் இறந்தகாலம் என்னவாக இருக்கும் என்று கேட்டார்கள். 'ஸ்பிளிங்' போல, இருக்கும் குழுவின் ஒலியை நெருங்கிய வினைகளுக்கு 'ஸ்பிளேங்', 'ஸ்பிளங்' போன்ற வடிவங்கள் இயல்பாகப் பட்டன. ஒலி விலக விலக அந்த நாட்டம் குறைந்தது. ஒலிக் குழு மனதில் நிஜமாகவே இழுவிசை கொண்டது என்பதற்கு இது நல்ல சான்று. அந்த இழுவிசைதான் இந்த முறையின் பலம், நான் சொன்ன குழியும் அதுவேதான்.

### குழு இரண்டு வகை

'கீப்' குழுவைப் பாருங்கள்: கீப் – கெப்ட், ஸ்லீப் – ஸ்லெப்ட், ஸ்வீப் – ஸ்வெப்ட், வீப் – வெப்ட். இறந்தகாலம் மட்டுமல்ல, முதல் வடிவங்களும் ஒன்றுபோல ஒலிக்கின்றன. தேர்வில் 'ஸ்வீப்' என்று பார்த்த உடனே அதுவே குழுவைக் காட்டிக்கொடுக்கிறது. நோ – நியூ – நோன், குரோ – குரூ – குரோன், புளோ – புளூ – புளோன், த்ரோ – த்ரூ – த்ரோன் என்பதும் அப்படித்தான். சென்ட், ஸ்பென்ட், லென்ட், பென்ட் என்று மாறும் அனுப்பு, செலவிடு, கடன் கொடு, வளை ஆகிய நான்கும் அப்படியே.

இப்போது 'பிராட்' குழு: பிரிங் – பிராட், திங்க் – தாட், பை – பாட், ஃபைட் – ஃபாட், சீக் – சாட், கேட்ச் – காட், டீச் – டாட். ஏழு வினைகளின் இறந்தகாலமும் ஒரே எதுகையில் நிற்கிறது. ஆனால் முதல் வடிவங்களை மட்டும் எடுத்துப் பாருங்கள்: பிரிங், பை, கேட்ச், சீக். இவை ஒரு குழு என்று சொல்ல இவற்றில் எந்த அடையாளமும் இல்லை. இதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. இந்த வினைகள் வெவ்வேறு வழியில் வந்து ஒரே முடிவில் சேர்ந்தவை. 'கேட்ச்' ஆங்கிலத்துக்குள் நார்மன் பிரெஞ்சிலிருந்து வந்த சொல். பிறகுதான் இந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டது.

தேர்வுத் தாளில் இருப்பது முதல் வடிவம். முதல் வடிவம் ஒத்த குழுவில் கேள்வியே விடைக்கு வழிகாட்டும். இறந்தகாலம் மட்டும் ஒத்த குழுவில் எதுகை உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் இந்த வினை அந்த எதுகைக்கு உரியதா என்பதை நீங்களே நினைவில் வைத்திருக்க வேண்டும். 'பிராட், தாட், பாட்' என்று பாட்டாகச் சொல்லிப் பழகியவர்கள் தேர்வில் தடுமாறுவது இதனால்தான். பாட்டு விடைகளின் வரிசையைப் பதிய வைத்தது, கேள்வியிலிருந்து விடைக்குப் போகும் பாதையைப் பதிய வைக்கவில்லை.

### பிரிங் என்னும் பொறி

நிலைமையை இன்னும் மோசமாக்குவது, 'பிரிங்' ஒலியில் 'சிங்', 'ரிங்' கூட்டத்தைச் சேர்ந்ததுபோல இருப்பது. 'திங்க்' அப்படியே 'டிரிங்க்' சாயல். முதல் நாள் சிங் – சேங் – சங் நன்றாகப் பழகிய பிள்ளை மறுநாள் தயங்காமல் 'பிரேங்' என்று எழுதும். ஆங்கிலேயக் குழந்தைகளும் இதே தவறைச் செய்கிறார்கள்.

இங் என்று முடியும் வினைகள் மட்டுமே நான்கு திசையில் போகின்றன. சிங், ரிங், ஸ்பிரிங் மூன்று வடிவம் கொள்பவை. கிளிங், ஸ்விங், ஸ்டிங், ஃபிளிங் ஆகியவை நடுவடிவத்தை விட்டுவிட்டு நேராக கிளங், ஸ்வங், ஸ்டங், ஃபிளங் என்று போய், மூன்றாம் வடிவத்திலும் அப்படியே நிற்பவை. பிரிங் தனியாக பிராட் கூட்டத்துக்குப் போகிறது. பிங் போன்றவை சாதாரணமாக 'எட்' சேர்ப்பவை. நோ, குரோ குழுவுக்கும் இப்படி ஒரு போலி உண்டு: 'ஷோ' இரண்டாம் வடிவத்தில் 'ஷோட்', மூன்றாவதில் மட்டும் 'ஷோன்'. 'ஃப்ளோ' (ஓடு, நீர்போல) முழுக்க ஒழுங்கான வினை.

ஆகவே ஒவ்வொரு குழுவுக்கும் கீழே, 'இதுபோல ஒலிக்கும், ஆனால் இதில் இல்லை' என்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். சிங் குழுவின் கீழே பிரிங், திங்க். நோ குழுவின் கீழே ஷோ. கீப் குழுவின் கீழே சீக். அந்த ஒரு வரி எழுதாத ஒலிக் குழு அரைவேலைதான்.

### ஒலி ஒன்று, எழுத்து வேறு

பிராட் குழுவில் எழுத்துக்கூட்டல் இரண்டு விதம். பிராட், தாட், பாட், ஃபாட், சாட் ஐந்திலும் முடிவு ஓ-யு-ஜி-எச்-டி. காட், டாட் இரண்டில் மட்டும் ஏ-யு-ஜி-எச்-டி. இதற்கு எளிய வழி: முதல் வடிவத்தில் 'ஏ' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். கேட்ச், டீச் இரண்டின் எழுத்துக்கூட்டலிலும் ஏ இருக்கிறது, மற்ற ஐந்திலும் இல்லை. ஏ இருந்தால் ஏ-யு, இல்லாவிட்டால் ஓ-யு. இந்த ஏழுக்கும் இது தவறாது.

சொல்லை மறக்காமலிருக்க உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் பக்கத்தில் எழுதி வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஒலிக் குழுவுக்கு அது சில இடங்களில் கைகொடுக்கும்: 'தாட்' திங்க்கின் வடிவம், 'டாட்' டீச்சின் வடிவம் என்று த, ட வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. வேறு சில இடங்களில் கெடுத்துவிடும். எழுது என்பதும் 'ரைட் – ரோட்', குதிரையிலோ சைக்கிளிலோ செல் என்பதும் 'ரைட் – ரோட்'. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றே. அதனால் குழுவை வாய்விட்டுச் சொல்லிப் பழகினாலும், சீட்டில் எழுதும்போது ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஏ, பி, சி வரிசை | வடிவப் பெட்டி | ஒலிக் குழு |
|---|---|---|---|
| முன்னேற்பாடு | இல்லை | கொஞ்சம் | அதிகம், குழு பிரித்துப் போலிகளையும் குறிக்க வேண்டும் |
| மனதில் ஏற ஆகும் நேரம் | அதிகம் | நடுத்தரம் | குறைவு |
| வரிசை கலைந்து கேட்டால் | தடுமாற்றம் | வடிவம் வரும், சொல் வராமல் போகலாம் | கீப் வகைக்கு நல்லது, பிராட் வகைக்குத் தனிப் பயிற்சி வேண்டும் |
| மூன்றாம் வடிவம் | தனியாக நினைவில் வைக்க வேண்டும் | மிக நல்லது | குழு தெரிந்தால் நல்லது |
| வழக்கமான தவறு | கடைசிப் பக்கம் மறப்பது | பெரிய பெட்டிக்குள் குழப்பம் | பிரேங், திங்க்குக்கு தேங்க் |

## நாற்பது வினை, நான்கு மாலை

நான் சொல்லும் வழி, முதலில் ஒலியால் பிரித்து, ஒவ்வொரு குழுவின் தலையிலும் அதன் வடிவப் பெட்டியை எழுதுவது. உதாரணமாக ஒரு பட்டியலை எடுத்துக்கொள்வோம். மூன்றும் ஒன்றான கட், புட், ஹிட், ஷட், காஸ்ட். பிராட் குழு ஏழு. கீப், ஸ்லீப், ஸ்வீப், வீப், அவற்றோடு ஃபீல். அனுப்பு வகை நான்கு. நோ குழு நான்கு. சிங் குழு ஐந்து. முப்பது ஆயிற்று. மீதிப் பத்து எந்தக் குழுவிலும் அடங்காத தனியன்கள்: கோ, சீ, டேக், ஈட், கிவ், கம், டூ, ஹேவ், சே, பீ. இவற்றுக்கு ஒலிக் குழுவால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஆனால் இவை ஆங்கிலத்தில் அதிகமாகப் புழங்கும் வினைகள் என்பதால் பலவும் ஏற்கெனவே பழகியிருக்கும். எழுதிப் பார்த்துத் தெரியாததை மட்டும் எடுத்துப் படித்தால் போதும்.

முதல் மாலை பிராட் குழுவையும் கட் குழுவையும் எடுங்கள். கடினமானதை முதலில் எடுக்கக் காரணம், அதற்கு மட்டும் பின்னால் மூன்று முறை சோதித்துப் பார்க்க வாய்ப்புக் கிடைக்கும். சிங் குழுவின் ஒலி காதில் ஏறுவதற்கு முன்பே பிரிங், திங்க் இரண்டும் தங்கள் இடத்தில் உட்கார்ந்துவிடும் என்பது இன்னொரு காரணம். இரண்டாம் மாலை கீப், அனுப்பு, நோ குழுக்கள். ஓரிரு எழுத்தே மாறும் எளிய வினைகள் என்பதால் பதிமூன்றும் சேர்ந்தாலும் பாரமாக இருக்காது. மூன்றாம் மாலை சிங் குழுவும் தனியன்களும். நான்காம் மாலை புதிதாக எதுவும் வேண்டாம்.

ஒவ்வொரு குழுவையும் இரண்டு மூன்று முறை வாய்விட்டுச் சொன்னதும் பாட்டை நிறுத்திவிட வேண்டும். பிறகு முதல் வடிவத்தை மட்டும் சீட்டுகளில் எழுதிக் கலைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, பார்க்காமல் மற்ற இரண்டையும் தாளில் எழுத வேண்டும். அடுத்த நாள் புதிய குழுவைத் தொடுவதற்கு முன், முந்தைய நாள் சீட்டுகளையும் கலந்து ஒரு சுற்று. 2006இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய சோதனையில், ஒரு பத்தியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் நினைவுகூர்ந்து பழகியவர்கள் முந்திவிட்டார்கள். திரும்பத் திரும்பப் பட்டியலைப் பார்க்கும்போது 'எல்லாம் தெரியும்' என்று தோன்றுவதை நம்ப வேண்டாம்.

சிங் குழுவுக்கும் நோ குழுவுக்கும் எழுதும்போது மூன்றாம் வடிவத்துக்கு முன் 'ஹேஸ்' சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். 'டிரிங்க், டிரேங்க், ஹேஸ் டிரங்க்' என்று கை பழகிவிட்டால் 'ஹேஸ் டிரேங்க்' கண்ணுக்கே உறுத்தும்.

தவறிய சீட்டுகளை வெறுமனே ஒதுக்காமல், என்ன தவறு என்று பாருங்கள். 'பிரிங்டு' என்று எழுதியிருந்தால் அந்த வினை இன்னும் மனதில் ஏறவே இல்லை, குழுவோடு சேர்த்து மறுபடி சொல்ல வேண்டும். 'பிரேங்' என்றால் சிங் குழு இழுத்துவிட்டது. சிங், பிரிங், டிரிங்க், திங்க் நான்கு சீட்டுகளை மட்டும் எடுத்துக் கலைத்துக் கலைத்துக் கேட்க வேண்டும். 'பிராட்' என்று சொல்லிவிட்டு எழுத்தில் ஏ-யு போட்டிருந்தால் குறை எழுத்துக்கூட்டலில் மட்டும்தான், முதல் வடிவத்தில் ஏ இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால் போதும். மூன்றுக்கும் ஒரே மருந்தாக 'பத்து முறை எழுது' என்று சொல்வதில் நேரம்தான் போகும்.

## ஒரே ஓர் இரவுதான் இருந்தால்

குழு பிரித்து, போலிகளைக் குறித்து, சீட்டு எழுத நேரமில்லாதபோது ஒலிக் குழு முழுவதையும் தொடங்காதீர்கள். முதலில் பட்டியல் முழுவதையும் ஒரு முறை மூடி வைத்து எழுதிப் பார்த்து, தெரிந்தவற்றை அடித்துவிடுங்கள். மிச்சத்தில் கீப், அனுப்பு, நோ, சிங் போன்று முதல் வடிவமே அடையாளம் காட்டும் குழுக்களை மட்டும் ஒலியால் சேர்த்துப் படியுங்கள். பிராட் ஏழையும் அந்த இரவில் பாட்டாகச் சொல்ல வேண்டாம். பிரிங் என்றால் பிராட், கேட்ச் என்றால் காட் என்று இரண்டிரண்டாக, வரிசை மாற்றி மாற்றிக் கேட்டுப் படியுங்கள். ஏழையும் எட்ட முடியாவிட்டால் பிரிங், திங்க், பை, கேட்ச், டீச் ஐந்தை முடித்துவிட்டு ஃபைட்டுக்கும் சீக்குக்கும் போங்கள். பள்ளி வாக்கியங்களில் அந்த ஐந்தும் வருகிற அளவுக்கு 'சீக்' வருவதில்லை.